கடைசி அறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை: ஒரு முதியோர் இல்லத்தை வடிவமைத்த அனுபவம்

முதியோர் இல்லம் கட்ட வருகிறவர்கள் எத்தனை படுக்கை, எத்தனை சதுர அடி என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் பிளானை விரித்ததும் முதலில் அளப்பது வேறு ஒன்றை. கடைசி அறையின் கதவிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு எத்தனை மீட்டர்? அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே அங்கே தங்கப்போகிறவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 24 பேருக்காக நான் வடிவமைத்த ஒரு தரைத்தள இல்லத்தை வைத்து இதைச் சொல்கிறேன்.

நிர்வாகத்தினர் கையில் ஏற்கெனவே ஒரு பிளான் இருந்தது. நீளமான ஒரே காரிடார், இரண்டு பக்கமும் அறைகள், நடுவில் நர்ஸ் ஸ்டேஷன், ஒரு கோடியில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும். மருத்துவமனை வார்டுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். கட்டுவது எளிது, கூரையும் குழாயும் நேர்கோட்டில் போகும். ஆனால் கடைசி அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு 62 மீட்டர் இருந்தது.

இளவயதுக்காரர் அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுவார். வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவர் நொடிக்கு அரை மீட்டர் போனாலே பெரிது. வழியில் நிற்காமல் வந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்று வேளைச் சாப்பாடு, மாலை ஒரு தேநீர், போக வர என்று கூட்டினால் ஒரு நாளைக்கு அரை கிலோமீட்டர்.

நடந்தால் நல்லதுதானே என்று அவர்கள் கேட்டார்கள். நடந்தால் நல்லதுதான், ஆனால் நடக்க மாட்டார்கள், நடக்கவும் விட மாட்டார்கள். காலையில் அரை மணி நேரத்துக்குள் 24 பேரையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டிய பணியாளர், மெதுவாக நடப்பவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, இன்னும் பத்து பேர் காத்திருக்கிறார்கள். இன்று அவசரத்துக்கு என்று தொடங்குவது சில வாரங்களில் வழக்கமாகிவிடும். நடக்காத காலில் தொடைத் தசை வேகமாக வலுவிழக்கும். தொடை வலுவிழந்தால் கழிப்பறையிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. அதற்கப்புறம் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். இத்தனைக்கும் காரணம் காரிடாரின் நீளம் என்று யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் கட்டிடத்தை நடுவில் L எழுத்துப் போல இரண்டு கைகளாக மடித்தோம். ஒவ்வொரு கையிலும் 12 அறைகள், காரிடாரின் இரண்டு பக்கமும் ஆறு ஆறாக. இரண்டு கைகளும் சேரும் முழங்கை மூலையில் சாப்பாட்டுக் கூடம். கடைசி அறையிலிருந்து இப்போது 24 மீட்டர். பாதி வழியில் சுவரைச் சற்று உள்ளே தள்ளி, கைவைத்த இரண்டு நாற்காலிகள் போட ஓர் இடம். நடுவில் உட்கார இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலர் அறையை விட்டே கிளம்புவார்கள். அதை வெறும் அலங்காரமாக நினைத்துப் பட்ஜெட் குறையும்போது வெட்டிவிடக் கூடாது. காரிடார் அகலம் 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகலாம். கைப்பிடி இரண்டு பக்கமும், தரையிலிருந்து 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், விரல்கள் சுற்றிப் பிடிக்கிற தடிமனில். அதன் முனைகளைச் சுவரை நோக்கி வளைத்து முடிக்க வேண்டும். நேராக வெட்டி விட்டால் சட்டைக் கையும் பை வாரும் மாட்டி ஆளை இழுத்துவிடும்.

இந்த மடிப்பினால் இன்னொரு பெரிய லாபம். இரண்டு கைகளுக்கும் நடுவே தோட்டத்துக்கு ஒரு சதுர இடம் கிடைத்தது. அதன் இரண்டு பக்கமும் கட்டிடமே சுவர். முழங்கை மூலையில் நின்றால் இரண்டு காரிடார்களும் சாப்பாட்டுக் கூடமும் தோட்டமும் கண்ணில் படும். நர்ஸ் ஸ்டேஷனுக்கு அதைவிட நல்ல இடம் வேறு கிடையாது.

காகிதத்தில் ஒத்துக்கொண்டாலும் எனக்குத் திருப்தி வராது. காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு, கூடத்தையும் ஒரு காரிடாரையும் வரைந்தோம். நிஜ மேசைகளையும், வாக்கர்களையும், இரண்டு சக்கர நாற்காலிகளையும் கொண்டுவந்து வைத்தோம். முதியோர் பராமரிப்பில் பல காலம் இருந்த ஒரு மூத்த செவிலியரையும் அழைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், சாப்பிட உட்கார்ந்ததும் அவங்க வாக்கரை எங்கே வைப்பீங்க?”

பெரும்பாலான இல்லங்களில் நடப்பதை அவரே சொன்னார். முதியவர் உட்கார்ந்ததும் பணியாளர் வாக்கரை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திவிடுவார், நடுவில் பரிமாற வழி வேண்டுமே. சாப்பிட்டு முடித்தவருக்குச் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். கூப்பிடத் தயக்கம், அல்லது கூப்பிட்டும் யாரும் வரவில்லை. வாக்கர் நான்கு மீட்டர் தள்ளி நிற்கிறது. மேசையைப் பிடித்து எழுந்து, பக்கத்து நாற்காலி முதுகைப் பிடித்து, அடுத்ததைப் பிடிக்கக் கை நீட்டும்போது விழுவார். “விழுந்தவங்க எல்லாரும் வாக்கரை நோக்கித்தான் சார் போய்க்கிட்டிருப்பாங்க” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கூடத்தின் அளவே மாறியது. சாதாரண உணவுக் கூடத்தில் ஆளுக்கு ஒன்றரை சதுர மீட்டர் போதும் என்று கணக்குப் போடுவார்கள். இங்கே ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் வரை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாற்காலியின் பக்கவாட்டிலும் வாக்கர் மடக்காமலே நிற்கிறது. உட்கார்ந்தபடி கை நீட்டினால் தொடலாம். பரிமாறுகிறவரின் வழி அதற்கு வெளியே தனியாகப் போகிறது. தினமும் வாக்கரை எடுத்து ஒதுக்கும் வேலையும் பணியாளருக்கு மிச்சம்.

மேசைகள் நான்கு பேர் உட்காரும் சதுர மேசைகள். வட்ட மேசை அழகாகத்தான் இருக்கும். ஆனால் சதுரத்தில் ஒவ்வொருவருக்கும் தன் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு எது தன் தட்டு, எது அடுத்தவர் தட்டு என்ற குழப்பம் குறைகிறது. நடுவில் ஒற்றைக் கால் உள்ள மேசையைக் கண்டிப்பாக வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். முதியவர்கள் எழும்போது மேசை விளிம்பில்தான் முழு எடையையும் ஊன்றுவார்கள், ஒற்றைக் கால் மேசை சாய்ந்துவிடும். நான்கு மூலையிலும் கால் வேண்டும். சக்கர நாற்காலி நுழைய இரண்டு கால்களுக்கு நடுவே எண்பது சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பலகைக்கு அடியில் முழங்காலுக்குக் குறைந்தது 70 சென்டிமீட்டர் வேண்டும். சில சக்கர நாற்காலிகளின் கைகள் அதைவிட உயரமாக இருந்து மேசையில் இடிக்கும். அப்போது ஆள் மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார், பாதி மடியில் சிந்தும். பார்ப்பவர்கள் கை நடுங்குகிறது என்று நினைத்து ஊட்டிவிடத் தொடங்கிவிடுவார்கள். அதற்காகவே இரண்டு மேசைகளை உயரம் மாற்றக்கூடியவையாக வாங்கினோம்.

நாற்காலிக்கு இருக்கை உயரம் 45 சென்டிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் இருக்கலாம். கை கட்டாயம், அந்தக் கை இருக்கையின் முன்விளிம்பு வரை வர வேண்டும். பாதியில் நின்றுவிடும் கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது.

24 பேரும் ஒரே கூடத்தில் பேசிச் சாப்பிட்டால் எழும் சத்தம் காது கேட்கும் கருவி வைத்திருப்பவரைத் துரத்திவிடும். அந்தக் கருவி பக்கத்து மேசைக் கரண்டி ஓசையையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் கூடத்தை நடுவில் ஒரு சிறு பரிமாறும் அறையால் பிரித்து, பக்கத்துக்கு 12 பேராக்கினோம். மேற்கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை போட்டோம். சாப்பாட்டின் நடுவே எழுந்து அறைக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இருந்தால், பசி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் சத்தத்தைக் கவனித்துப் பாருங்கள்.

கழிப்பறையைக் கூடத்தின் பக்கத்திலேயே, உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு தெரியும்படி வைத்தோம். நாகரிகமாக இருக்காது என்று ஒரு நிர்வாகி தயங்கினார். கண்ணுக்குத் தெரியாத கழிப்பறை, மறதி உள்ளவருக்கு இல்லாத கழிப்பறைதான். கதவுக்குச் சுவரிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் நிறம் அடித்து, முன்னே ஒரு சின்னத் திருப்பம் வைத்தோம். கதவு தெரியும், உள்ளே தெரியாது.

சரி, நர்ஸ் ஸ்டேஷனுக்கு வருவோம். வழக்கமாக மார்பளவு உயரத்தில் ஒரு நீண்ட கவுன்ட்டர் கட்டி, அதற்குப் பின்னால் செவிலியரை உட்காரவைப்பார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது ஒரு சுவர். அதன் மேல் ஒரு தலை தெரியும், அவ்வளவுதான். முதியவர்கள் எப்போதும் நர்ஸ் ஸ்டேஷனைச் சுற்றித்தான் கூடுவார்கள். மனித நடமாட்டமும் பேச்சும் இருக்கும் இடம் அதுதான். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் மறதி உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும்போது இது இன்னும் அதிகமாகும். அவர்களை அங்கிருந்து நகர்த்திக்கொண்டே இருப்பதைவிட, அங்கேயே உட்கார இடம் கொடுப்பது நல்லது. அதனால் ஸ்டேஷனை இரண்டாகப் பிரித்தோம்.

முன்னால் சாதாரண மேசை, 75 சென்டிமீட்டர் உயரம். செவிலியர் அதில் உட்கார்ந்து எழுதுவார், எதிரே முதியவருக்கு நாற்காலி, பக்கத்தில் இன்னும் மூன்று நான்கு இருக்கைகள். கூடத்தின் ஓரத்திலேயே இது இருப்பதால், சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் எழுந்து ஓட நான்கு அடிதான். பின்னால் கதவு உள்ள ஓர் அறை. மருந்து அலமாரி, கை கழுவும் தொட்டி, கோப்புகள், தொலைபேசி எல்லாம் அங்கே. மாத்திரை எடுத்து வைக்கும்போது நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் தவறு வர வாய்ப்பு அதிகம். அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். ஒருவருடைய நோயைப் பற்றி அவர் மகளிடம் பேசுவதற்கும் அந்த அறைதான்.

இரவில் ஒரு சிக்கல் வரும், பகலில் பிளானைப் பார்க்கும் யாருக்கும் தோன்றாது. ஸ்டேஷனைச் சுற்றிக் கண்ணாடி போட்டுவிட்டால், உள்ளே விளக்கு எரியும்போது வெளியே இருட்டாக இருப்பதால் அந்தக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். செவிலியருக்குத் தன் முகம்தான் தெரியும், காரிடாரில் தடுமாறி வருபவர் தெரிய மாட்டார். அதனால் முன் மேசைக்குக் கண்ணாடியே போடவில்லை. இரவுக்கு மேசையில் மட்டும் விழும் தணிந்த விளக்கு, காரிடாரில் கைப்பிடிக்கு அடியில் தரையை நோக்கி எரியும் சிறு விளக்குகள். கூடத்தின் பெரிய ஜன்னல்களுக்கு இருட்டியதும் திரை இழுப்பது பணியாளரின் வேலைப் பட்டியலிலேயே சேர்ந்தது. கறுத்த கண்ணாடியில் தன் உருவத்தையே வேறு யாரோ வெளியே நிற்பதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு.

தோட்டத்துக்குப் போகும் கதவு சாப்பாட்டுக் கூடத்திலிருந்துதான். சாப்பிட்டு எழுந்தவர் வாக்கரைப் பிடித்தபடி அப்படியே வெளியே போகலாம், முன் மேசையிலிருந்து பார்க்கலாம், யாரும் கூட்டிப்போக வேண்டாம். கதவருகே படி கிடையாது. உள்ளும் புறமும் ஒரே மட்டம், மழைநீர் உள்ளே வராமல் வாசலை ஒட்டி ஒரு வடிகால். அதன் மூடியில் உள்ள இடைவெளிகள் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாக்கர் கால் அதில் இறங்கிவிடும்.

வெளியே காலடி வைத்ததும் பலர் நின்றுவிடுவார்கள். மனம் மாறிவிட்டார் போல என்று பணியாளர் திரும்பக் கூட்டிவந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர் கண் பழகக் காத்திருக்கிறார். வயதான கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாற நேரம் எடுக்கும். அதற்காகக் கதவுக்கு வெளியே இரண்டரை மீட்டர் ஆழத்தில் கூரை போட்ட ஒரு திண்ணை மாதிரி இடம், கைப்பிடியோடும் இருக்கையோடும். அங்கே நின்று, கண் தெளிந்து, அப்புறம் இறங்குவார்கள். பாதி பேருக்கு அந்த இடமே போதும்.

பாதை ஒரு சுற்று, சுமார் எழுபது மீட்டர். எங்கும் முட்டுச்சந்து கிடையாது. நடந்துகொண்டே இருந்தால் கிளம்பிய கதவுக்கே வந்து சேர்வார்கள். மறதி உள்ளவர் பாதை முடியும் இடத்தில் திரும்பத் தெரியாமல் நின்று கலங்குவதை இது தவிர்க்கிறது. நடுவே குறுக்காக ஒரு வழி வைத்து, முப்பது மீட்டரில் திரும்பிவிடவும் வசதி செய்தோம். முதல் பெஞ்சு கதவிலிருந்து ஆறு மீட்டரில், அப்புறம் பத்து மீட்டருக்கு ஒன்று. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்தது கண்ணில் பட வேண்டும்.

கைப்பிடியைப் பாதையின் ஒரு பக்கம் மட்டுமே போட முடிந்தது. இரண்டு பக்கமும் போட்டால் செடிகளை யாரும் தொட முடியாது. பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவருக்கு இது சரிவருமா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் கேட்டார். நேர்ப்பாதையாக இருந்தால் சரிவராது, போகும்போது கிடைக்கும் கைப்பிடி வரும்போது மறுபக்கம் போய்விடும். சுற்றுப்பாதையில் அந்தச் சிக்கல் இல்லை. வலது கை நன்றாக இருப்பவர் ஒரு திசையில் சுற்றுவார், இடது கை நன்றாக இருப்பவர் எதிர்த்திசையில் சுற்றுவார். முழுச் சுற்றும் கைப்பிடி நல்ல கையிலேயே இருக்கும். இருவர் எதிரெதிரே வந்தால் விலக 1.8 மீட்டர் அகலம் இருக்கிறது.

தளம் துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட், வெளிர் வெள்ளையாக இல்லாமல் சற்று மங்கிய நிறம். வெயிலில் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும். சாய்வு எங்கும் இருபதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. பாதை முழுக்க ஒரே நிறம். அழகுக்காகக் கறுப்புக் கல் பட்டை பதித்தால், மறதி உள்ளவருக்கு அது பள்ளமாகத் தெரியும், தாண்டப் பார்ப்பார். இதே காரணத்துக்காகத்தான் மரச் சட்டங்கள் வைத்த பந்தலை வேண்டாம் என்றேன். வெயிலில் அதன் நிழல் தரையில் கோடு கோடாக விழும், படிக்கட்டு என்று நினைத்துக் காலைத் தூக்கி வைப்பார்கள். நிழல் வேண்டுமானால் முழுக் கூரை அல்லது அடர்ந்த மரம். செடிகளில் அரளி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளும் முள் உள்ளவையும் கூடாது. இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

கதவைப் பகலில் பூட்டுவதில்லை. திறந்தால் முன் மேசையில் ஒரு மெல்லிய மணி ஒலிக்கும், அவ்வளவுதான். கண்ணாடி வழியே தோட்டம் தெரிய, கதவு மட்டும் பூட்டியிருந்தால், அதை ஆட்டிக்கொண்டே நிற்பார்கள்.

வேலியை நிர்வாகத்தினர் எவ்வளவு உயரமாக வைக்கலாம் என்று மட்டும்தான் யோசித்தார்கள். 1.8 மீட்டர், கால் வைத்து ஏற இடமில்லாமல், முன்னால் புதர்கள். இதில் சிக்கல் இல்லை. என் கவலை தீ விபத்து. கட்டிடத்தின் இரண்டு கைகளிலிருந்தும் ஆட்களை வெளியேற்றும் வழி இந்தத் தோட்டம்தான். நான்கு பக்கமும் அடைத்த தோட்டத்துக்குள் 24 பேரைக் கொண்டுவந்து, எரியும் கட்டிடத்தின் பக்கத்திலேயே நிறுத்த முடியாது. அதனால் கட்டிடத்திலிருந்து மிகத் தொலைவான மூலையில் ஒரு வாயில். காந்தப் பூட்டு போட்டது. தீ எச்சரிக்கை ஒலித்தாலும் மின்சாரம் நின்றாலும் தானே விடுபடும், பணியாளரிடம் கையால் திறக்கும் வழியும் உண்டு. அன்றாடம் யாரும் அதை நாடாமல் இருக்க வேலியின் அதே நிறம், அதை நோக்கிப் பாதையும் இல்லை. ஆனால் பாதை இல்லாத இடத்தில் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டுமே? சுற்றுப்பாதைக்கும் வாயிலுக்கும் நடுவே புல்லுக்கு அடியில் துளையுள்ள கான்கிரீட் கட்டங்களைப் பதித்தோம். பார்வைக்குப் புல்வெளி, சக்கரம் புதையாது. கட்டி முடித்ததும் எடை ஏற்றிய ஒரு படுக்கையைக் கூடத்திலிருந்து வாயில் வரை தள்ளிப் பார்த்தோம். மழை பெய்த மறுநாள் திரும்பவும் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். ஓரிடத்தில் மண் அமர்ந்து சக்கரம் சிக்கியது. அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்து, அடியில் ஜல்லி இட்டு இறுக்கிப் போட்டார்கள்.

ஒப்படைக்கும்போது பராமரிப்புக்காக எழுதிக் கொடுத்த தாளில் நான் அழுத்திக் கோடிட்டவை இரண்டு. வெயில் படாத பக்கத்துப் பாதையில் பாசி பிடிக்கும், ஈரமான காலங்களில் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த வாயில் பூட்டை மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.